சந்திரனுக்கு எந்த வழி? 1962-இன் ஒரு முடிவுக் குறிப்பு

1962 ஜூன் 7 அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள மார்ஷல் விண்வெளி மையத்தில் நாள் முழுதும் ஒரு கூட்டம் நடந்தது. மையத்தின் பொறியாளர்கள் மணிக்கணக்கில் வரைபடங்களைக் காட்டிப் பேசினார்கள். எதிரே அமர்ந்து கேட்டவர் நாசா தலைமையகத்திலிருந்து வந்த ஜோசஃப் ஷே. எல்லோரும் பேசி முடித்தபின் மையத்தின் இயக்குநர் வெர்னர் ஃபான் பிரவுன் எழுந்து, எழுதி வைத்திருந்த சில பக்கங்களை வாசித்தார். ‘சந்திரப் பயண முறைத் தேர்வு பற்றிய நிறைவுக் கருத்துகள்’ என்ற பொருள் தரும் தலைப்பு கொண்ட அந்த ஆவணம், அலுவலக வழக்கில் முடிவுக் குறிப்பு எனப்படும் வகையைச் சேர்ந்தது. இருக்கும் வழிகளை அது எடுத்துக்காட்டியது, அளவுகோல்களை வைத்து ஒப்பிட்டது, ஒன்றைப் பரிந்துரைத்தது, அந்தப் பரிந்துரையின் குறையையும் சொல்லியது. அதைக் கேட்டவர்களில் பலருக்கு, ஃபான் பிரவுனின் சொந்த ஆட்களுக்கும்கூட, அதன் முடிவு அதிர்ச்சியாக இருந்தது. மார்ஷல் மையம் அதுவரை ஆதரித்து வந்த வழியை அது இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது.

முடிவெடுக்க வேண்டிய கேள்வி இதுதான். 1961 மே 25 அன்று அதிபர் கென்னடி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனைச் சந்திரனில் இறக்கிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்றைக்கு அமெரிக்கர் ஒருவர் விண்வெளியில் இருந்த மொத்த அனுபவம் ஒரு கால்மணி நேரம்தான். போகவேண்டிய இடமும் முடிக்கவேண்டிய தேதியும் முடிவாகிவிட்டன. போகும் விதம் முடிவாகவில்லை. அது முடிவாகாமல் ராக்கெட்டின் அளவையோ கலத்தின் வடிவத்தையோ தீர்மானிக்க முடியாது. ஓராண்டுக்கு மேல் குழுமேல் குழுவாக ஆராய்ந்தும் பதில் வரவில்லை.

மூன்று வழிகள்

முதல் வழி நேரடிப் பயணம். பூமியிலிருந்து ஒரே ராக்கெட்டில் கிளம்பிச் சந்திரனில் போய் இறங்கி, அதே கலத்தில் திரும்பி வருவது. கேட்பதற்கு இதைவிட எளிமையானது இல்லை. ஆனால் இதற்கு நோவா என்ற பெயரில் வரைபடத்தில் மட்டுமே இருந்த மாபெரும் ராக்கெட் ஒன்று வேண்டும். பின்னாளில் உண்மையாகவே பறந்த சாட்டர்ன்-5 ராக்கெட்டின் முதல் அடுக்கில் ஐந்து எஃப்-1 என்ஜின்கள். நோவாவுக்கு அதே என்ஜின்கள் எட்டு திட்டமிடப்பட்டிருந்தன.

இரண்டாவது, புவிச் சுற்றுப்பாதைச் சந்திப்பு. பெரிய ராக்கெட் இல்லாவிட்டால் சுமையை இரண்டாகப் பிரித்து இரண்டு சாட்டர்ன்-5 ராக்கெட்டுகளில் அனுப்புவது. ஒன்றில் ஆட்களும் கலமும் போகும், மற்றொன்றில் திரவ ஆக்சிஜன் நிரம்பிய டேங்கர் போகும். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டும் இணைந்து, டேங்கரிலிருந்து ஆக்சிஜனை மாற்றிக்கொண்டு கலம் சந்திரனுக்குப் புறப்படும். அங்கே போனபின் நடப்பது முதல் வழியில் நடப்பதேதான். முழுக் கலமும் தரையில் இறங்கும், முழுக் கலமும் கிளம்பும். மார்ஷல் மையம் விரும்பியது இதை.

மூன்றாவது, சந்திரச் சுற்றுப்பாதைச் சந்திப்பு. ஒரே சாட்டர்ன்-5 ராக்கெட் போதும். தாய்க்கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதிலிருந்து பிரிந்து, தரையில் இறங்குவதற்காகவே செய்யப்பட்ட ஒரு சிறு கலம் இரண்டு பேரோடு கீழே போகும். திரும்பும்போது அதன் மேற்பாதி மட்டும் எழும்பி வந்து தாய்க்கலத்தோடு சேரும். ஆட்கள் மாறியதும் அந்தச் சிறு கலத்தையும் அங்கேயே கழற்றி விட்டுவிட்டு வீடு திரும்பலாம்.

ஃபான் பிரவுனின் குறிப்பில் நான்காவதாக ஒன்றும் இருந்தது. இரண்டு பேர் மட்டும் அமரும் மிகச் சிறிய கலத்தை ஒரே சாட்டர்ன்-5 ராக்கெட்டில் நேராகச் சந்திரனுக்கு அனுப்பும் வழி அது. எடையில் கொஞ்சம் கூடினாலும் திட்டமே நின்றுபோகும் அளவுக்கு அதில் இடைவெளி குறைவு என்பதால், அது போட்டியில் அதிக தூரம் போகவில்லை.

மூன்று வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். சந்திரனில் காற்று இல்லை. அதனால் பாராசூட் பயன்படாது, வேகத்தை எரிபொருள் எரித்தே குறைக்க வேண்டும். அக்கால இறங்கு கலத்தில் இருந்தது போன்ற என்ஜினைக் கொண்டு சுற்றுப்பாதையிலிருந்து 1 கிலோவைத் தரையில் மெதுவாக இறக்க, ஏறத்தாழ இன்னொரு கிலோ எரிபொருள் செலவாகும். தரையிலிருந்து 1 கிலோவைத் திரும்பவும் சுற்றுப்பாதைக்கு ஏற்ற, 0.8 கிலோ அளவுக்கு எரிபொருள் வேண்டும். ஆக, ஒரு கிலோவைக் கீழே கொண்டுபோய் மேலே கொண்டுவர வேண்டுமானால், அந்த 1.8 கிலோவைத் தரையில் சேர்க்க வேண்டும். அதற்குச் சுற்றுப்பாதையில் 3.6 கிலோ இருந்தாக வேண்டும். எரிபொருளைத் தாங்கும் தொட்டி, கால்கள், என்ஜின் ஆகியவற்றின் எடை இதில் சேரவில்லை.

இப்போது ஆட்கள் பூமிக்குத் திரும்பும் கட்டளைக் கலத்தை எடுத்துக்கொள்ளலாம். பூமியின் காற்றுமண்டலத்தில் நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் நுழையும்போது எழும் வெப்பத்தைத் தாங்கும் தடித்த கவசம், பாராசூட்டுகள், மூவருக்கான இருக்கைகள் எல்லாம் சேர்ந்து அது ஏறத்தாழ 5.5 டன். இவற்றில் ஒன்றுகூடச் சந்திரத் தரையில் பயன்படாது. அதோடு, வீடு திரும்புவதற்கான எரிபொருளும் அதைச் சுமக்கும் பணிக்கலமும் சேர்ந்தால், சந்திரனைவிட்டுக் கிளம்பும்போது ஏறத்தாழ 16 டன். முதல் இரண்டு வழிகளில் இந்த 16 டன்னும் கீழே போய் மேலே வரவேண்டும். 3.6-ஆல் பெருக்கினால், சந்திரச் சுற்றுப்பாதையில் 58 டன் இருக்க வேண்டும். மூன்றாம் வழியில் அந்த 16 டன் மேலேயே நிற்கிறது. கீழே போய்வரும் சிறு கலத்துக்கு 15 டன் சேர்த்தாலும் மொத்தம் 31 டன்தான். சந்திரனை நோக்கி ஒரு சாட்டர்ன்-5 ராக்கெட்டால் தள்ளக்கூடிய சுமை, அன்றைய மதிப்பீட்டில் 40 டன்னைச் சற்றே தாண்டும். சந்திரனை நெருங்கி வேகம் குறைப்பதற்கான எரிபொருளையும் கூட்டினால் 31 டன் கணக்கு ஏறக்குறைய அந்த எல்லையிலேயே வந்து நிற்கும், 58 டன் கணக்கு அதைத் தாண்டி எங்கோ போய்விடும். ஒரு ராக்கெட்டா, இரண்டா என்ற கேள்வி பூமியில் தீர்மானமாவதில்லை. எதைச் சந்திரத் தரைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை என்பதில் தீர்மானமாகிறது.

ஒதுக்கப்பட்ட வழி

இந்தக் கருத்து புதிதன்று. சோவியத் பொறியாளர் யூரி கோண்ட்ராத்யுக் முதல் உலகப்போர்க் காலத்திலேயே இதை யோசித்திருக்கிறார். அமெரிக்காவில் வாட் என்ற விமான நிறுவனத்தில் தாமஸ் டோலன் 1950-களின் இறுதியில் இதே திசையில் கணக்குப் போட்டார். நாசாவுக்குள் இதை விடாமல் தூக்கிச் சுமந்தவர் வர்ஜீனியாவின் லாங்லி ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜான் ஹூபோல்ட். ராக்கெட் செய்வதோ கலம் செய்வதோ அவருடைய பொறுப்பல்ல. இரண்டு கலங்கள் விண்வெளியில் சந்திப்பதன் கணிதம்தான் அவருடைய துறை.

1960-இன் இறுதியில் அவர் தலைமையகத்தில் விளக்கம் அளித்தபோது, கலம் வடிவமைப்பில் மதிக்கப்பட்ட மாக்ஸ் ஃபாகே அவருடைய எண்களே பொய் என்று சொன்னதாகப் பதிவு உண்டு. அதில் பாதி நியாயம் இருந்தது. ஹூபோல்ட் குழு காட்டிய இறங்கு கலங்கள் மிக இலேசானவை. ஒரு வகையில் மேற்கூரைகூடக் கிடையாது. விண்வெளி உடை அணிந்த ஒருவர் திறந்த மேடையில் அமர்ந்து இறங்குவதாக இருந்தது. பின்னாளில் உண்மையாகச் செய்த கலம் அதைப்போலப் பல மடங்கு எடை. ஆனாலும் அவ்வளவு எடை கூடிய பிறகும் ஒரே ராக்கெட் போதுமாக இருந்தது. எண்கள் தவறு, முடிவு சரி. ஒரு முன்மொழிவை அதன் முதல் மதிப்பீட்டை வைத்து மட்டும் தள்ளிவிட்டால் நேரும் பிழைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. பிழையான எண்ணைத் திருத்தினால் வரிசை மாறுமா என்று கேட்டிருக்க வேண்டும். அதை ஓராண்டுக்கு யாரும் கேட்கவில்லை.

எதிர்ப்புக்கு இன்னொரு காரணம் கணக்கில் வராதது. 1961-இல் விண்வெளியில் இரண்டு கலங்கள் சந்தித்ததே இல்லை. அதைப் பூமியிலிருந்து நான்கு லட்சம் கிலோமீட்டர் தள்ளிச் செய்வதென்றால் கேட்டவர்களுக்குக் குலைநடுங்கியது. பூமிக்கு மேலே சந்திப்பு தவறினால் இறங்கி வந்துவிடலாம். அங்கே தவறினால் இரண்டு பேர் திரும்பவே மாட்டார்கள்.

1961 நவம்பர் 15 அன்று ஹூபோல்ட், தமக்கு மேலிருந்த பல படிகளைத் தாண்டி, நாசாவின் இணை நிர்வாகி ராபர்ட் சீமன்ஸுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அரசு அலுவலக ஒழுங்கில் இது சிறு குற்றமல்ல. நோவா போன்ற பூதாகரமான ஒன்றைக் கேள்வியின்றி ஏற்கிறவர்கள், சந்திப்பு முறையை மட்டும் ஏன் தீண்டாமல் ஒதுக்குகிறார்கள் என்று அவர் கேட்டிருந்தார். சீமன்ஸ் கடிதத்தைக் கோபிக்காமல் கீழே அனுப்பினார். ஆள் பறக்கும் திட்டங்களின் தலைவர் பிரெய்னர்ட் ஹோம்ஸ் வழியாக அது, புதிதாகச் சேர்ந்திருந்த ஜோசஃப் ஷேயின் மேசைக்கு வந்தது. எந்த மையத்தையும் சாராத ஷே, எல்லா வழிகளையும் ஒரே அடிப்படையில் கணக்கிடும்படி மார்ஷலுக்கும், ஹூஸ்டனில் கலத்துக்குப் பொறுப்பான மையத்துக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார். அதுவரை ஒவ்வொரு மையமும் தனக்குப் பிடித்த வழியைத் தாராளமான எண்களாலும், பிடிக்காததைக் கறாரான எண்களாலும் அளந்துகொண்டிருந்தது. ஹூஸ்டன் மையம் முதலில் மனம் மாறியது. மார்ஷல் மாறுவதற்கு ஜூன் மாதம் ஆயிற்று.

அளவுகோல்கள்

ஃபான் பிரவுனின் குறிப்பு, நான்கு வழிகளுமே செய்யக்கூடியவை என்று தொடங்குகிறது. போட்டியாளர்களை முடியாதவை என்று தள்ளிவிட்டுத் தன் தேர்வை நிறுத்தும் எளிய வழியை அது எடுக்கவில்லை. செய்யக்கூடியவற்றுள் எது, பத்தாண்டுக்குள் முடியும் என்ற நம்பிக்கையை அதிகம் தருகிறது என்பதே அதன் முதல் அளவுகோல். இந்த ஓர் அளவுகோலே நோவாவைக் கடைசி இடத்துக்குத் தள்ளியது. சாட்டர்ன்-5 வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அதைவிடப் பெரிய ஒன்றை மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் தொழிற்சாலை, சோதனைத் தளம், ஏவுதளம் எல்லாமே புதிதாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும்.

இரண்டாவது அளவுகோலில்தான் குறிப்பின் உண்மையான நுட்பம் இருக்கிறது. பூமிக்குத் திரும்பிக் காற்றுமண்டலத்தில் நுழையும் கலமும், சந்திரனில் இறங்கும் கலமும் முற்றிலும் வேறு வேலைகள் செய்கின்றன. முன்னதற்கு வெப்பக் கவசமும் உருண்டு திரண்ட வடிவமும் வேண்டும். பின்னதற்குக் கால்களும், கீழே பார்க்கும் ஜன்னலும் வேண்டும். இரண்டையும் ஒரே கலத்தில் திணித்தால் ஒவ்வொரு மாற்றமும் மற்றதைப் பாதிக்கும். நேரடிப் பயணத்திலும் புவிச் சந்திப்பிலும் விமானி, உயரமான ஒரு கோபுரத்தின் உச்சியில் வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்தபடி, தனக்குத் தெரியாத தரையில் பின்புறமாக இறங்க வேண்டியிருந்தது. அதை எப்படிச் செய்வது என்பதற்கு அப்போது யாரிடமும் திருப்தியான விடை இல்லை. வேலைகளைப் பிரித்துவிட்டால் பிரச்சினை கரைந்துவிடுகிறது. இறங்கு கலத்துக்குக் காற்றைப் பற்றிக் கவலையே இல்லை. அது எந்த வடிவத்திலும் இருக்கலாம்.

மூன்றாவது, நிர்வாகம். கலம் இரண்டானால் ஒப்பந்ததாரர்களும் இரண்டு. ஒருவர் வேலை மற்றவர் வேலையைத் தொடும் இடம் சிறிது, தெளிவானது. புவிச் சந்திப்பிலோ இரண்டு ராக்கெட்டுகள், டேங்கர், கலம், ஆக்சிஜன் மாற்றும் குழாய் எல்லாம் குறுகிய இடைவெளியில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு ராக்கெட் தாமதித்தால் மேலே காத்திருப்பதில் ஆக்சிஜன் ஆவியாகிக்கொண்டே போகும். எடையற்ற நிலையில் கடுங்குளிர்த் திரவத்தை மாற்றுவதை அதுவரை யாரும் செய்து பார்க்கவில்லை.

நான்காவது அளவுகோலில் பரிந்துரைக்கப்பட்ட வழி தோற்றது. எதிர்காலத்தில் அதிக ஆட்களையோ அதிகச் சுமையையோ சந்திரனுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், டேங்கர்களைக் கூட்டிக்கொண்டே போகும் புவிச் சந்திப்பே மேல். ஒரே ராக்கெட்டில் அடங்கும் வழிக்கு வளர இடமில்லை. ஃபான் பிரவுன் இதை மறைக்கவில்லை. பரிந்துரை வாக்கியத்திலேயே நிபந்தனையாகச் சேர்த்தார். சந்திரச் சந்திப்பைத் தேர்வோம், அதன் குறையை ஈடுகட்ட, ஆளில்லாமல் ஒருவழிப் பயணமாகச் சரக்கைக் கொண்டுபோய் இறக்கும் சாட்டர்ன்-5 சரக்குக் கலம் ஒன்றையும் உடனே தொடங்குவோம் என்பது அது.

அந்த நிபந்தனைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சந்திரச் சந்திப்பைத் தேர்ந்தால் சந்திப்பும் இறக்கமும் ஹூஸ்டன் கைக்குப் போகும். இரண்டு ராக்கெட், டேங்கர் என்று மார்ஷலுக்கு வரவேண்டிய வேலை குறையும். சரக்குக் கலம் மார்ஷலுக்கு வேலை தரும். ஃபான் பிரவுன் ஒரே வாக்கியத்தில் தொழில்நுட்பக் குறையையும் தம் ஆட்களின் மனக்குறையையும் ஆற்றப் பார்த்தார் என்று படிப்பதில் தவறில்லை. இரு மையங்களும் ஒருவருடைய யோசனையை மற்றவர் விழுங்கவில்லை, மூன்றாம் இடத்திலிருந்து வந்ததை இருவரும் ஏற்றுள்ளனர் என்று அவர் குறிப்பிட்டதும் இதே காரணத்தால்தான். கௌரவப் பிரச்சினைக்கு வழி விட்டுவிட்டுத்தான் மாற்றத்தை அறிவிக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொன்னார். சில வாரங்களுக்குள் முடிவெடுக்காவிட்டால் பத்தாண்டுக்குள் சந்திரனை அடையும் வாய்ப்பு வேகமாகக் கைநழுவும் என்றார். முடிவைத் தள்ளிப்போடுவதையும் ஒரு வழியாகவே எண்ணி, அதற்கும் விலை போட்டுக் காட்டியது இந்தக் குறிப்பின் சிறந்த பகுதி. பெரும்பாலான குறிப்புகளில் அந்த வரிசை விடுபட்டுப்போகும்.

மறுப்பு

நாசா 1962 ஜூலை 11 அன்று தேர்வை அறிவித்தது. அதிபரின் அறிவியல் ஆலோசகர் ஜெரோம் வீஸ்னர் ஏற்கவில்லை. செப்டம்பர் 11 அன்று கென்னடி ஹன்ட்ஸ்வில்லுக்கு வந்தபோது, ஃபான் பிரவுன் விளக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே, செய்தியாளர்கள் பார்த்திருக்க, வீஸ்னர் குறுக்கிட்டு வாதாடினார். அவருடைய வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சந்திப்பு என்பது புதிய, சோதிக்காத செயல். அதைப் பூமிக்கு அருகில் வைத்தால், தவறினாலும் ஆள் பிழைக்கலாம். சந்திரனுக்கு அருகில் வைத்தால் பிழைக்க முடியாது. ஆகவே ஆபத்தான செயலைத் திட்டத்தின் கடைசியில் வைப்பது முறையல்ல.

நாசா தரப்பு இதற்கு அளித்த பதிலின் சாரம், ஒரு செயலை மட்டும் தனியே எடுத்து அளக்கக் கூடாது என்பதுதான். புவிச் சந்திப்பில் சந்திப்பின் ஆபத்து குறையலாம், ஆனால் மிகப் பெரிய கலத்தைத் தெரியாத தரையில் இறக்கும் ஆபத்து கூடுகிறது. அந்த இறக்கமும் தவறினால் உயிர் போகும் இடம்தான். சந்திரச் சுற்றுப்பாதையில் சந்திப்புக்கு உதவும் கூறுகளும் இருக்கின்றன. காற்று இல்லாததால் தாழ்வாகவும் சுற்றலாம். ஈர்ப்பு குறைவு என்பதால் வேகங்கள் குறைவு. சிறு கலம் சரியான உயரத்துக்கு வராமல் தாழ்வில் தங்கிப்போனாலும் தாய்க்கலம் கீழே வந்து பிடித்துக்கொள்ள வழி உண்டு. அப்பல்லோ-11-இல் தாய்க்கலத்தில் தனியாக இருந்த மைக்கேல் காலின்ஸ், எது தவறினால் எப்படிச் சந்திப்பது என்று 18 வகை நடைமுறைகளை எழுதிய குறிப்பேட்டைக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

அக்டோபர் 24 அன்று நாசா நிர்வாகி ஜேம்ஸ் வெப் இறுதி ஒப்பீட்டை வீஸ்னருக்கு அனுப்பினார். கியூபா ஏவுகணை நெருக்கடி உச்சத்தில் இருந்த வாரம் அது. வெள்ளை மாளிகையில் யாருக்கும் சந்திரனைப் பற்றி நினைக்க நேரமில்லை. நவம்பர் 7 அன்று இறங்கு கலத்தைச் செய்யும் வேலை கிரம்மன் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டதாக அறிவித்தபோது விவாதம் முடிந்தது.

பரிந்துரையின் முதன்மை ஆபத்தைக் குறைக்கும் வேலையை ஜெமினி என்ற தனித் திட்டம் செய்தது. அந்த ஆபத்து வெறும் கற்பனையல்ல என்று 1965 ஜூனில் தெரிந்தது. ஜெமினி-4-இல் ஜேம்ஸ் மக்டிவிட், தம் ராக்கெட்டின் எரிந்து முடிந்த அடுக்கை நெருங்க முயன்றார். விமானத்தில் செய்வதுபோல இலக்கை நோக்கி வேகத்தைக் கூட்டினார். இலக்கு விலகிப் போனது. சுற்றுப்பாதையில் வேகத்தைக் கூட்டினால் கலம் உயரும், உயர்ந்தால் சுற்றும் நேரம் கூடும், முடிவில் பின்தங்கும். முன்னால் போவதைப் பிடிக்க முதலில் தாழ வேண்டும். கணிதம் தெரிந்தவர்களுக்கு இது பழைய செய்தி. கைப்பிடியைப் பிடித்தவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 15 அன்று ஜெமினி-6 கலம் ஜெமினி-7-ஐ நெருங்கிச் சேர்ந்து பறந்தது. 1966 மார்ச் 16 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் முதல் இணைப்பைச் செய்தார்கள். சற்று நேரத்தில் ஒரு தள்ளு என்ஜின் நிற்காமல் எரிந்து கலம் சுழன்றதால் அவசரமாகத் திரும்பவும் வேண்டியிருந்தது. இந்தத் தவறுகளெல்லாம் சந்திரனுக்கு அருகில் நடக்காமல் பூமிக்கு மேலேயே நடந்து முடிந்தன. வீஸ்னரின் கவலைக்கு உரிய பதில் ஒப்பீட்டு அட்டவணையில் இல்லை, இந்தப் பயிற்சிப் பறப்புகளில் இருக்கிறது.

குறிப்பும் விளைவும்

ஆறு முறை மனிதர் இறங்கித் திரும்பியதால் மட்டும் இந்தத் தேர்வு சரி என்று நிரூபணமாகாது. மற்ற வழிகளும் முடியும் என்று குறிப்பே ஒப்புக்கொண்டது. தேர்ந்த வழி மட்டும் வெற்றி தராது என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. சோவியத் ஒன்றியமும் 1964-இல் அதே சந்திரச் சந்திப்பு முறைக்கே வந்தது. ஆனால் அதன் என்-1 ராக்கெட் 1969 முதல் 1972 வரை ஏவிய நான்கு தடவையும் வெடித்தோ விழுந்தோ போனது. ஆகவே முடிவை அதன் விளைவால் அல்ல, குறிப்பில் சொன்னவை ஒவ்வொன்றும் எப்படி நிறைவேறின என்பதால் அளப்பது நல்லது.

வேலைகளைப் பிரிப்பது எளிமை தரும் என்றது பலித்தது. கிரம்மன் பொறியாளர்கள் எடையோடு போராடியபோது அந்தச் சுதந்திரம்தான் கைகொடுத்தது. எடை முதல் மதிப்பீட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. இருக்கைகளை எடுத்துவிட்டார்கள், விமானிகள் நின்றுகொண்டே ஓட்டினார்கள். நின்றதால் முகம் ஜன்னலுக்கு அருகில் வந்தது, ஜன்னல் சிறிய முக்கோணமாகச் சுருங்கியும் பார்வை குறையவில்லை. அறையின் உலோகச் சுவர் சில இடங்களில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனமே இருந்தது. காற்றில் பறக்க வேண்டிய கலத்தில் இதில் எதுவும் நடந்திருக்காது.

தரையிலிருந்து கிளம்பும் என்ஜின் இயங்காவிட்டால் மீட்பே இல்லை என்ற ஆபத்து எல்லா வழிகளுக்கும் பொதுவானது. அதைக் குறைக்க இறங்கு கலத்தின் மேற்பாதிக்கு மிக எளிய என்ஜினை வைத்தார்கள். அதில் பம்பு இல்லை, பற்றவைக்கும் பொறியும் இல்லை. வாயு அழுத்தத்தில் இரண்டு திரவங்கள் வந்து ஒன்றையொன்று தொட்டாலே தீப்பற்றும். ஆறு தடவையும் அது தவறவில்லை.

கலம் இரண்டாக இருந்ததன் மதிப்பு 1970 ஏப்ரலில் தெரிந்தது. அப்பல்லோ-13-இன் பணிக்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, மூவரும் இறங்கு கலத்துக்குள் புகுந்து அதன் மின்சாரத்திலும் காற்றிலும் என்ஜினிலும் பூமியின் அருகுவரை வந்தார்கள். முதல் இரண்டு வழிகளில் புகுந்துகொள்ள இன்னொரு கலம் இருந்திருக்காது.

வளர இடமில்லை என்ற எச்சரிக்கை பாதிதான் பலித்தது. அப்பல்லோ-11 சந்திரத் தரையில் 21 மணி நேரத்தைச் சற்றே தாண்டி இருந்தது. ராக்கெட்டையும் இறங்கு கலத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மெருகேற்றியதில் அப்பல்லோ-17 ஏறத்தாழ 75 மணி நேரம் தங்கியது. 1971-இல் அப்பல்லோ-15 முதல் மடித்து எடுத்துப்போன நான்கு சக்கர வண்டியும் கிடைத்தது. அந்த வண்டித் திட்டம் மார்ஷல் மையத்தின் பொறுப்பில் இருந்தது. அதற்கு மேல் வளர்ச்சி இல்லை. ஃபான் பிரவுன் நிபந்தனையாக வைத்த சரக்குக் கலத்தை யாரும் கட்டவில்லை. பரிந்துரையை ஏற்றவர்கள் அதனோடு வந்த நிபந்தனையை விட்டுவிட்டார்கள். பரிந்துரையின் குறையை ஈடுகட்டும் செலவு வேறு தலைப்பில் எழுதப்பட்டிருந்தால் அது எப்போதும் முதலில் வெட்டப்படும் செலவாகவே இருக்கும். ஈடுகட்டலைத் திட்டத்துக்குள்ளேயே, பிரிக்க முடியாதபடி கட்டியிருக்க வேண்டும். இந்தக் குறிப்பில் குறை சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

1972 டிசம்பருக்குப் பின் அரை நூற்றாண்டு யாரும் சந்திரத் தரையில் கால் வைக்கவில்லை. பத்தாண்டுக் காலக்கெடு என்ற அளவுகோல் இல்லாத ஒரு காலத்தில், நீண்ட நாள் தங்குவதும் பெருஞ்சுமை கொண்டுபோவதும் முன்னுக்கு வந்தபோது, வரிசையும் மாறியது. 2021 ஏப்ரலில் நாசா தன் ஆர்ட்டெமிஸ் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த ஸ்டார்ஷிப் இறங்கு கலம், பூமியைச் சுற்றும்போதே டேங்கர்களிடமிருந்து எரிபொருள் நிரப்பிக்கொண்டு சந்திரனுக்குப் போகும்படி திட்டமிடப்பட்டது. விண்வெளி வீரர்கள் வேறொரு கலத்தில் போய்ச் சந்திரனுக்கு அருகில் அதனோடு சேர்வதாக இருந்தது. 1962-இன் தேர்வில் முதலிடத்தையும் இரண்டாம் இடத்தையும் பெற்ற வழிகள் இரண்டும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தே இருந்தன.